முந்நூறு மீட்டர் தள்ளிப்போன ஊர்

எந்தத் தெருவுக்கடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று ஊருக்கே சொல்கிற ஒருத்தி, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே பாதி ஆயுளைக் கழித்துவிட முடியுமா? குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த மேப்பம்மாவைக் கிட்டத்தில் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழுந்திருக்கும். முடியும் என்பதற்கு அவரே சாட்சி. இதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை என்றும் சொல்ல முடியவில்லை.

அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஊரின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. மேப்பம்மா தனியாக எங்கேயாவது போனால் சிறிது நேரத்தில் கணவரின் போன் அடிக்கும்.

"என்னங்க, வழி மாறிட்டேன்னு நினைக்கிறேன்."

"இப்ப எங்க நிக்கிற?"

"ஒரு கடை முன்னாடி."

"என்ன கடை?"

"மூடியிருக்கு."

"சரி, எதிர்ல போர்டு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு. 'இங்கே வண்டிகளை நிறுத்தாதீர்'னு போட்டிருக்கு."

"தாயே, அங்கயே நில்லு. நகராத. நான் வரேன்."

கையில் போன் இருக்கிறதே, அதிலேயே மேப் இருக்கிறதே என்று கேட்டால் மேப்பம்மாவுக்குக் கோபம் வரும். "மேப்பு படிக்கத் தெரியும். அது மேல நிக்கத்தான் தெரியாது" என்பார். வேடிக்கையாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்பதை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அலுவலகத்தில் அவருடைய அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள், ஓர் அகலமான பிரிண்டர், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஏசி, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. குடிநீர் வாரியக் கட்டடத்தில் நாள் முழுக்கத் தடையில்லாமல் தண்ணீர் வந்த ஒரே இடம் அந்த வாளிதான். குழாய்கள், வால்வுகள், இணைப்புகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றிச் சரியாக வைத்திருப்பது அவர் வேலை. அதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. பாராட்டவும் ஆளில்லை. குழாய் உடைந்தால்தானே குழாயைப் பற்றி யாரும் பேசுவார்கள்.

அந்த வருடம் கோடை முந்திக்கொண்டது. குழாயில் அழுத்தம் போய்விட்டது. லாரியில் தண்ணீர் கொடுப்பது என்று முடிவானது. ஊரைப் பதினோரு மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். ஆறாம் மண்டலத்துக்குத் தினமும் லாரி; அதற்குக் கிழக்கே ஒட்டியிருந்த ஏழாம் மண்டலத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை. லாரிகளில் தண்ணீர் நிரப்பும் நிலையம் ஆறாம் மண்டலத்துக்குள் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் போனில் நடக்கும் என்றார்கள். ஓர் ஆப்பில் ஆள் தன் வீட்டைத் தொட வேண்டும். அது எந்த மண்டலம், என்றைக்கு லாரி என்று ஆப் சொல்லும். அதே கணக்கு லாரி ஓட்டுநர்களுக்கும் போகும். ஆகவே மண்டலக் கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் தண்ணீர் விழும்.

ஆப்பைச் செய்துகொண்டிருந்தது வெளி நிறுவனத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண். ஆப் பொண்ணு என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கு மண்டல எல்லைகள், ஆப்கள் படிக்கிற ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் வேண்டும். வாரியத்திடம் இருந்ததோ ஷேப்ஃபைல். அதுவும் மேப்பம்மாவிடம் இல்லை, திட்டப் பிரிவிடம் இருந்தது. மேப்பம்மாவோடு வேலை பார்த்த உதவிப் பொறியாளர் அதைப் பென் டிரைவில் வாங்கி வந்தார்.

ஷேப்ஃபைல் என்பது பெயரில்தான் ஒரு கோப்பு. உண்மையில் ஒரு கூட்டுக் குடும்பம். ஒரே பெயரில், வெவ்வேறு வாலோடு, நான்கைந்து கோப்புகள் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றில் கோடுகள், ஒன்றில் அந்தக் கோடுகளின் வரிசை, ஒன்றில் அட்டவணை. கடைசியாக ஒரு பொடிக் கோப்பு: இந்த எண்கள் எந்த அளவுமுறையில், பூமியின் எந்த உருவக்கணக்கில் எழுதப்பட்டவை என்று சொல்லும் ஒற்றை வரி. உதவிப் பொறியாளர் பெரிய பெரிய கோப்புகளாகப் பார்த்து எடுத்திருந்தார்.

"சார், பிஆர்ஜே ஃபைல் எங்க?" என்றார் மேப்பம்மா.

"அதுவா? ஒரு கேபி கூட இல்ல மேடம். ஏதோ குப்பைன்னு விட்டுட்டேன்."

"அதுதான் சார் இது எந்த ஊரு கணக்குன்னு சொல்றது."

"எந்த ஊரா? நம்ம ஊருதான்! இதுக்கு ஒரு ஃபைலா?"

அவர் நல்ல மனிதர். எதையும் தானே செய்துவிட வேண்டும் என்ற ஒரு வியாதி மட்டும் உண்டு. மேப்பம்மா சாப்பிடப் போன நேரத்தில் தானே உட்கார்ந்து மாற்றிவிட்டார். அளவுமுறை தெரியவில்லை, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று மென்பொருள் கேட்டது. பட்டியலில் முதலில் இருந்ததைக் கொடுத்தார். அது பாகைக் கணக்கு, அதாவது தீர்க்கரேகை, அட்சரேகை. ஆனால் கோப்பில் இருந்த எண்களோ மீட்டரில், ஆறு இலக்கம், ஏழு இலக்கம் என்று நீண்டவை. பூமியைச் சுற்றி வந்தாலே முந்நூற்றறுபது பாகைதான். நாலு லட்சம் பாகையில் ஒரு ஊர் எங்கே இருக்கும்? ஆப் திரை வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"அக்கா, ஊரைக் காணோம்" என்றாள் ஆப் பொண்ணு.

"இரும்மா, இப்ப கொண்டு வரேன்" என்று உதவிப் பொறியாளர் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தார். இணைய வரைபடங்கள் உள்ளுக்குள் பயன்படுத்துகிற மீட்டர் முறை அது. மீட்டருக்கு மீட்டர் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஒவ்வொரு மீட்டர் முறையும் தன் மீட்டரை வெவ்வேறு புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இந்தத் தடவை ஊர் தெரிந்தது. வேறொரு கண்டத்தில், சாலையே இல்லாத ஒரு வறண்ட சமவெளியில், பதினோரு மண்டலங்களும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

ஆப் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், லாரி டீசலுக்கே வாரியத்தை வித்துடணும்."

"வடிவம் சரியா வந்திருச்சுல்ல? அதைப் பாரு" என்றார் அவர் விடாமல்.

சாப்பிட்டுவிட்டு வந்த மேப்பம்மா இருவரையும் எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். பெயர்ப்பலகையை மாற்றினால் வீடு மாறாது என்பது அவருக்குத் தெரியும். எண்கள் எந்த முறையில் இருக்கின்றனவோ அதை முதலில் உண்மையாகச் சொல்ல வேண்டும். பிறகு அங்கிருந்து பாகைக்கு ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு மாற்ற வேண்டும். முதலாவது பெயர் சொல்வது, இரண்டாவது இடம் மாற்றுவது. உதவிப் பொறியாளர் இரண்டு தடவையும் பெயரைத் தப்பாகச் சொல்லியிருந்தார். மேப்பம்மா எண்களைப் பார்த்தார். இது தன் குழாய் வரைபடத்தில் தினமும் பார்க்கிற மீட்டர் முறைதான், உலகை நெடுக்கே பிரித்த பட்டைகளில் அதே பட்டை எண்தான் என்று பார்வையிலேயே தெரிந்தது. அதையே கொடுத்தார். ஜியோஜேசன் எதிர்பார்க்கும் பாகைக்கு மாற்றி ஏற்றுமதி செய்தார். ஊர் ஊரின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஆறாம் மண்டலம் இருக்க வேண்டிய பக்கத்தில் ஆறாம் மண்டலம், ஏழு இருக்க வேண்டிய பக்கத்தில் ஏழு.

"மேடம்னா மேடம்தான்" என்றார் உதவிப் பொறியாளர்.

அந்தப் புகழ்ச்சியை மேப்பம்மா ஏற்றுக்கொண்டார். பெரிய தவறுகளைத் திருத்திய சந்தோஷத்தில் இருப்பவர் சின்னத் தவறைச் செய்ய மிகவும் தோதான நிலையில் இருக்கிறார். தன் குழாய் வரைபடத்தை அதன்மேல் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் போதும். போடவில்லை. முழு ஊரும் தெரிகிற அளவில் பார்த்தார், தன் வீட்டைத் தொட்டுப் பார்த்தார், ஆறாம் மண்டலம் என்று வந்தது, சரி என்று விட்டார். அவர் வீடு ஆறாம் மண்டலத்தின் நட்டநடுவில் இருந்தது. அங்கிருந்து எந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினாலும் ஆறாகவேதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை, சோதனைக்காக ஆப்பைச் சொந்தபந்தங்களுக்கு அனுப்பிவைத்தார். முதலில் போன் வந்தது நாத்தனாரிடமிருந்து. கணவருக்கு மூத்தவர். எதிலும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே கண்ணாடி போட்டவர் என்று குடும்பத்தில் பேச்சு.

"ஏம்மா, உன் ஆப்பு எங்க வீட்டைத் தூக்கி ஆறாம் மண்டலத்துல போட்டிருக்கு. நாங்க ஏழு. இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேருந்து ஏழு."

"அண்ணி, நீங்க பக்கத்து வீட்டைத் தொட்டிருப்பீங்க."

"என் வீடு எனக்குத் தெரியாதா? வழி தெரியாம நிக்கிறது நீயா நானா?"

"லொகேஷன் ஆன் பண்ணினீங்களா?"

"எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன். ஃபேனைக்கூட ஆன் பண்ணிட்டேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, டெய்லர் கடை, எல்லாம் ஆறுன்னுதான் சொல்லுது. உன் மெஷினைப் போய்ப் பாரு."

மேப்பம்மா போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "உங்க அக்காவுக்கு எல்லை மேலயும் குறை."

"எங்க அக்கா குறை சொன்னா முக்கால்வாசி நேரம் சரியாத்தான் இருக்கும். அதுதான் பிரச்சினையே" என்றார் அவர்.

மறுநாள் சனிக்கிழமை. சீக்கிரமே அலுவலகம் போய் மேப்பம்மா செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் போட்டுப் பெரிதாக்கினார். திட்டப் பிரிவின் கோப்பில் மேல்நிலைத் தொட்டிகளும் புள்ளிகளாக இருந்தன. பெரிய தொட்டியின் புள்ளி பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் கால்பந்துக் கம்பத்துக்குக் கீழே இருந்தது. தொட்டியோ மேற்கே, வட்டமான நிழலோடு, தன் பாட்டுக்கு நின்றது. நிரப்பும் நிலையம் ஒரு திருமண மண்டபத்தின் சமையல்கட்டில். இன்னொரு தொட்டி ஏரிக்குள். அளந்தார். மூன்றும் ஒரே திசையில், ஒரே தூரம், முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, கிழக்கே தள்ளியிருந்தன.

கை தவறி வரைந்திருந்தால் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் போயிருக்கும். எல்லாம் ஒன்றுபோலத் தள்ளியிருந்தால் வரைந்தவர் தவறவில்லை, படித்தவர்தான் தவறியிருக்கிறார். படித்தவர் மேப்பம்மா. மீட்டர் முறை சரி, பட்டை எண் சரி. ஆனால் திட்டப் பிரிவின் கோப்பு ஒரு பழைய நில அளவையிலிருந்து வந்தது; அது பூமிக்கு வேறோர் உருவக்கணக்கை வைத்துச் செய்யப்பட்டது. இன்றைய செயற்கைக்கோள்கள் வைத்திருக்கும் உருண்டையும் அந்தக் காலத்து அளவைக்காரர்கள் வைத்திருந்த உருண்டையும் அச்சு அசலாக ஒன்றல்ல. இரண்டிலும் எண்கள் ஒன்றுபோலவே இருக்கும். இடம் மட்டும் சில நூறு மீட்டர் விலகும். வேறு கண்டத்தில் போய் விழுந்த ஊரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். முந்நூறு மீட்டரைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. அது நம்பும்படியாக இருந்தது.

வேறொன்றையும் பார்த்தார். ஊரின் மேற்கு ஓரத்தில் பழைய தொழிலாளர் குடியிருப்பு வரிசை ஒன்று உண்டு. கோடுகள் கிழக்கே நகர்ந்ததில் அந்த வரிசை எந்த மண்டலத்திலும் இல்லாமல் வெளியே விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். 'தங்கள் இடம் சேவை எல்லைக்கு வெளியே உள்ளது' என்று ஆப் மரியாதையாகச் சொன்னது. திங்கட்கிழமை காலை அங்கே குடத்தோடு நிற்கிறவர்களுக்கும் அது இதையேதான் சொல்லும்.

எந்த உருவக்கணக்கு என்று ஊகிக்கலாம். ஊகித்துத்தான் இந்த நிலைமை. உதவிப் பொறியாளர் குப்பை என்று விட்டுவிட்ட அந்தப் பொடிக் கோப்பு வேண்டும். அவரையும் அழைத்துக்கொண்டு திட்டப் பிரிவுக்கு ஓடினார்.

ஓடினார் என்றால், முதலில் கணக்குப் பிரிவுக்கு ஓடினார். உதவிப் பொறியாளர்தான் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

மூலக் கோப்பு இருந்த கம்ப்யூட்டரைத் திட்டப் பிரிவு வருகைப் பதிவுக்குக் கொடுத்திருந்தது. கட்டைவிரல் வைக்கிற கருவி அதோடுதான் இணைந்திருந்தது. நேரமோ எல்லோரும் வந்து வரிசையில் நிற்கிற நேரம்.

"பத்து நிமிஷம் நிறுத்துங்க" என்றார் மேப்பம்மா.

"நிறுத்தினா எல்லாருக்கும் லேட்டுன்னு விழும் மேடம்" என்றார் வருகைப் பதிவுக்காரர்.

"ஊரே முந்நூறு மீட்டர் தள்ளிப் போயிருச்சு."

"அப்ப எல்லாரும் லேட்டாத்தான் வந்து சேருவாங்க" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

உதவிப் பொறியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுது. ஒரு சின்ன ஃபைலை விட்டுட்டேன். அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க." வரிசை முழுக்கக் கட்டைவிரலை நீட்டியபடி பொறுத்துக்கொண்டது. ஒருவர் மட்டும் விரலை ஊதிக் காயவைத்துக்கொண்டே இருந்தார். ஈரமானால் கருவி ஏற்காதாம். கருவியின் நிரலை மூடிவிட்டு, தூசி படிந்த ஒரு பழைய கோப்புறையைத் திறந்து, அந்தப் பொடிக் கோப்பை மேப்பம்மா கண்டுபிடித்தார். சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தால் ஒரே நீள வரி. அதன் நடுவில் அந்தப் பழைய உருவக்கணக்கின் பெயர். அவருக்குத் தெரிந்த பெயர்தான். இருக்கிறது என்று தெரியும். இதில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

மாடி ஏறிக்கொண்டிருந்தபோது மறுபடியும் நாத்தனாரின் போன். இந்தத் தடவை குரலில் தேன் ஒழுகியது.

"கண்ணு, நேத்து நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"இல்ல அண்ணி, நீங்க சொன்னது சரிதான். தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"ஐயோ, நான் எங்க சரி சொன்னேன்? யோசிச்சுப் பார்த்தேன். ஆறாம் மண்டலத்துக்குத் தினமும் லாரியாமே?"

"ஆமா."

"அப்ப நாங்க ஆறாவே இருந்துட்டுப் போறோம்."

"அண்ணி!"

"உங்க மெஷினே சொல்லுது. மெஷின் பொய் சொல்லுமா?"

"நேத்து அதே மெஷினைப் போய்ப் பாருன்னு நீங்கதானே திட்டினீங்க?"

"நேத்து தண்ணி இருந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "இங்க பாரு, எங்க வீட்டுக்காரரால குடம் தூக்க முடியாது, எனக்கு முட்டி. மூணு நாளைக்கு ஒருமுறைன்னா டிரம்முலதான் பிடிச்சு வைக்கணும். நான் மட்டும் இல்ல, தெருவே சந்தோஷமா இருக்கு. டெய்லர் உனக்கு ரவிக்கை இலவசமாத் தச்சுத் தரேன்னு சொல்றான். யாருக்கும் தெரியாது. நீ சும்மா இருந்தாலே போதும். ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு."

மேப்பம்மா படியில் நின்றுவிட்டார். முட்டி வலி பொய்யல்ல. நாத்தனாரின் கணவருக்கு மூச்சு வாங்குவதும் பொய்யல்ல. இந்தக் குடும்பத்துக்கு வந்த புதிதில் வழி தெரியாமல் இரண்டு பஸ் மாறிப் போய் அழுதுகொண்டு நின்றவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவர் இதே நாத்தனார்தான்; அதைச் சொல்லிக் காட்டாமல் விட்ட வருடமும் இல்லை.

"அண்ணி, அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு மொத்தமா வெளிய விழுந்திருக்கு. அவங்களுக்கு லாரியே வராது."

"அவங்களை மட்டும் உள்ள இழுத்துக்க."

"அப்படி முடியாது அண்ணி. நகர்த்தினா எல்லாம் சேர்ந்துதான் நகரும்."

அது முழு உண்மை அல்ல. ஒரு கோட்டைப் பிடித்து இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இரண்டு நிமிட வேலை. நாத்தனாருக்கு அது தெரியாது. மேப்பம்மாவுக்குத் தெரியும்.

"அப்ப நீ திருத்தத்தான் போற."

"ஆமா அண்ணி."

"சரிம்மா. பெரிய உத்தியோகம். செய்." போன் வைக்கப்பட்டது.

மேப்பம்மா அறைக்குப் போய் உட்கார்ந்தார். அந்தப் பொடிக் கோப்பை அதன் குடும்பத்தோடு ஒரே கோப்புறையில் சேர்த்தார். மென்பொருள் இப்போது எதையும் கேட்கவில்லை. பழைய உருவக்கணக்கிலிருந்து இன்றைய கணக்குக்கு எந்தச் சமன்பாட்டில் மாற்றலாம் என்று மட்டும் சில வழிகளைக் காட்டியது. இந்தப் பகுதிக்கு உரியதைத் தேர்ந்தெடுத்தார். பாகையில் ஜியோஜேசனாக ஏற்றுமதி செய்தார். முதலில் திறந்து எண்களைப் பார்த்தார்: தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால், புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம். தொட்டி தொட்டியின்மேல் இருந்தது. நிரப்பும் நிலையம் சமையல்கட்டை விட்டு வெளியேறியிருந்தது. இந்த முறை தன் குழாய் வரைபடத்தையும் மேலே போட்டார். தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய் தொட்டியிலிருந்தே கிளம்பியது. மேற்கு ஓர வரிசை உள்ளே வந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவிலுள்ள கோடு டெய்லர் கடைக்கு மேற்கே, அடுத்த தெருவின் நடுவில் போய் நின்றது. நாத்தனாரின் வீடு ஏழு.

"அக்கா, இது ஃபைனலா?" என்றாள் ஆப் பொண்ணு.

"ஃபைனல். போட்டுடு."

"பழசை அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடு."

உதவிப் பொறியாளர் பின்னால் நின்று ஐந்து கோப்புகளையும் விரல்விட்டு எண்ணினார். "இனிமே குடும்பத்தோடதான் கூட்டிட்டு வருவேன் மேடம்" என்றார். சொன்னபடி செய்தார் என்று கேள்வி. அடுத்த முறை திட்டப் பிரிவின் முழுக் கோப்புறையையும், யாரோ ஒருவரின் கல்யாணப் படங்கள் உட்படப் பென் டிரைவில் எடுத்து வந்தாராம்.

திங்கட்கிழமை லாரிகள் கிளம்பின. மேற்கு ஓரத்தில் தண்ணீர் வந்தது. அங்கே யாரும் எதையும் கவனிக்கவில்லை. வர வேண்டியது வந்தால் யார் கவனிப்பார்கள்? நாத்தனார் கவனித்தார். பேச்சை நிறுத்திக்கொண்டார். தம்பியிடம் மட்டும் பேசுவார்: "அவ வீட்டுல இருக்காளா, இல்ல வழி தெரியாம எங்கயாச்சும் நிக்கிறாளா?" கணவர் போனை மேப்பம்மா பக்கம் நீட்டினால், மறுமுனையில் "நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். டெய்லரும் ரவிக்கைக்குக் கூலியைக் கறாராக வாங்கினார்.

கோடை முடிவதற்குள் மேப்பம்மா குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர், மகனுக்கு வேண்டும் என்று கேட்டார். தரகர் இரண்டு வீடுகள் காட்டினார். ஒன்று ஆறாம் மண்டலத்திலேயே, வேன் நிறுத்த இடத்தோடு, வாடகையும் தோது. இன்னொன்று நாத்தனாரின் தெருவில், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மாடியில், ஏறினால் மூச்சு வாங்கும். வேனை அடுத்த தெருவில்தான் நிறுத்த வேண்டும். மழை பெய்து குழாயில் தண்ணீர் ஏறும்வரை லாரி மூன்று நாளைக்கு ஒருமுறைதான்.

"இது ரெண்டாவது ஏன் காட்டறீங்க?" என்று கணவர் தரகரிடம் சிரித்தார். மேப்பம்மா இரண்டு வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இரண்டாவது வீட்டின் குளியலறையில் டிரம் வைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது.

"இதையே பேசிடுங்க" என்றார்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் கணவர்.

மேப்பம்மா தரகரிடம் முன்பணம் எவ்வளவு என்று கேட்டார். குடிபோனதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பரிகாரம் என்றார் உதவிப் பொறியாளர். வீம்பு என்றார் டெய்லர். என்னைக் கண்காணிக்கத்தான் வந்திருக்கிறாள் என்றார் நாத்தனார். லாரி வருகிற நாளில் மேப்பம்மா முதலில் கீழே இறங்கி, தன் வீட்டுக்கு இரண்டு குடமும் நாத்தனார் வீட்டு டிரம் நிறைய எத்தனை வேண்டுமோ அத்தனை குடமும் பிடித்தார். நாத்தனார் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போய் நின்றுகொள்வார்.